பார்த்து மாற்றுவதா, மூடிவைத்து எழுதுவதா?

மூலத்தில் படித்ததைச் சொந்த வார்த்தைகளில் எழுத முதலாண்டு மாணவர்களுக்கு எந்தப் பயிற்சி: மூலத்தைப் பார்த்தபடி சொற்களை மாற்றுவதா, படித்துவிட்டு மூலத்தை மூடிவைத்து எழுதுவதா?

மூலம்: “நீர் 4 டிகிரி செல்சியஸில் அதிக அடர்த்தி கொண்டது, அதனால் ஏரிகள் மேலிருந்து உறைகின்றன.”

பார்த்து மாற்றினால்: “தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில் மிகுந்த அடர்த்தி உடையது, ஆகவே குளங்கள் மேலிருந்து உறைகின்றன.” சொல் மாறியது, வாக்கிய எலும்புக்கூடு அப்படியே. அதனால், ஆசிரியர் பெயர் போட்டாலும் இது எழுத்துத் திருட்டுதான்.

மூடிவைத்து எழுதினால்: “ஏரியின் மேற்பரப்பு முதலில் உறையக் காரணம், 4 டிகிரி நீர் கனமாகி அடியில் தங்குவதே (ஆசிரியர், ஆண்டு).”

நேரம்: முதலாவது சட்டென முடியும், இரண்டாவதற்குப் புரிதல் வேண்டும்.
பிழை: இரண்டாவதில் எண்கள் நழுவும். அப்புறம் மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

பிழை கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு முதலாவது போதும். கட்டுரை எழுத இரண்டாவதுதான். சட்ட வரையறை என்றால் இரண்டும் வேண்டாம், மேற்கோள் குறிக்குள் அப்படியே எடுத்தாளலாம்.