தங்க வருகிறவர்களுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி: மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கோவையில் நாள் வாடகைக்கு விடும் இரண்டு படுக்கையறை வீட்டுக்காக எழுதிய செய்தி இது. இங்கே தங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரி வேலையாக வருகிறவர்கள். நோயாளிக்குக் கஞ்சி, ரசம், குழைந்த சாதம் என்று மூன்று வேளையும் அடுப்பு எரியும். அதனால் சமையலறை, குப்பை, காலி செய்யும் வேலை மூன்றையும் பற்றி என்ன சொல்கிறோம், எப்போது சொல்கிறோம் என்பது இங்கே நேரடியாகப் பலனைக் காட்டிவிடும்.

முதலில் எல்லாவற்றையும் ஒரே நீளச் செய்தியாக, வீடு பதிவான அன்றே அனுப்பினோம். அது வேலைக்கு ஆகவில்லை. காரணம் நீளம் மட்டுமல்ல. பதிவு செய்வது பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கும் மகன், அடுப்படியில் நிற்பது ஈரோட்டிலிருந்து வந்த அம்மா. செய்தி ஒருவர் போனில் இருக்கும், கை இன்னொருவருடையது. இப்போது மூன்றாகப் பிரித்து அனுப்புகிறோம்: வந்து சேரும் நேரத்தில் சமையலறை பற்றி, அன்று இரவு 8 மணிக்குக் குப்பை பற்றி, காலி செய்வதற்கு முந்தைய மாலை கடைசி நாள் வேலை பற்றி. ஒவ்வொன்றிலும் முதல் வரி இதுதான்: "சமைக்கிறவங்க போனுக்கு இதை அனுப்பி விடுங்க." இந்த ஒரு வரிக்குப் பிறகு அழைப்புகள் நன்றாகவே குறைந்தன.

சமையலறையில் அதிகம் கேள்வி வருவது இண்டக்‌ஷன் அடுப்பைப் பற்றி. "அடுப்பு வேலை செய்யலைங்க" என்று வரும் அழைப்புக்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, பாத்திரம். ஊரிலிருந்து கொண்டுவரும் அலுமினியப் போசி, இட்லிப் பானை, பழைய குக்கர் எதுவும் இதில் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டினால்தான் இந்த அடுப்பு அதைப் பாத்திரமாக ஏற்கும். ஒட்டாவிட்டால் திரையில் E0 போல ஒரு எழுத்து மின்னி, பீப் அடித்து நின்றுவிடும் (எழுத்து கம்பெனிக்குக் கம்பெனி மாறும்). எவர்சில்வரிலும் எல்லாம் ஒட்டாது, அதுதான் பலரைக் குழப்புகிறது. "இண்டக்‌ஷனுக்கு உகந்த பாத்திரம் பயன்படுத்தவும்" என்று எழுதியபோது யாருக்கும் விளங்கவில்லை. இப்போது எழுதுவது: "பிரிட்ஜ் கதவுல ஒரு காந்தம் ஒட்டியிருக்குங்க. உங்க பாத்திரத்தோட அடியில வச்சுப் பாருங்க. ஒட்டினா சூடாகும், ஒட்டலைன்னா கீழ் அலமாரில இருக்கற மூணு பாத்திரத்தை எடுத்துக்குங்க." அந்த மூன்றும் 3 லிட்டர் குக்கர், ஒரு பால் சட்டி, ஒரு தோசைக்கல். இட்லித் தட்டு அந்தக் குக்கருக்குள் நுழையும் அளவில் இருக்க வேண்டும். வாங்கும்போதே போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

இரண்டாவது காரணம், பூட்டு. பால் பொங்கி வழிந்ததைத் துடைக்கும்போது கை பட்டு, குழந்தைகளுக்கான பூட்டு விழுந்துவிடும். அதன் பிறகு எந்தப் பொத்தானைத் தொட்டாலும் அசையாது. எங்கள் அடுப்பில் பூட்டுப் படம் போட்ட இடத்தை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் திறந்துகொள்ளும். இதைச் செய்தியில் எழுதியதைவிட, அடுப்புக்கு மேலே டைல்ஸில் ஒரு சீட்டாக ஒட்டியதுதான் பலன் தந்தது. இரவு 11 மணிக்குக் கஞ்சி வைக்கிறவர் போனைத் தேடமாட்டார், எதிரே இருக்கும் சுவரைத்தான் பார்ப்பார். அதே சீட்டில் இன்னொரு வரி: "சமைச்சு முடிச்சதும் அடுப்புப் பொத்தானை மட்டும் அணைங்க. உள்ளே காற்றாடிச் சத்தம் நின்ன பிறகு பிளக் சுவிட்சை அணைங்க." உடனே சுவிட்சை அணைத்தால் காற்றாடியும் நின்று, கண்ணாடிக்குக் கீழிருக்கும் சூடு சர்க்யூட் போர்டிலேயே தங்கிவிடும். தினமும் அப்படி நடந்தால் போர்டின் ஆயுள் குறையும்.

தண்ணீர் பற்றி ஒரு வரி கட்டாயம் வேண்டும். சமையலறையில் இரண்டு குழாய்கள்: ஒன்றில் சிறுவாணி, மற்றதில் போர் தண்ணீர். உள்ளூர்க்காரருக்கு நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்றாலே போதும். வெளியூர்க்காரருக்கு வித்தியாசம் தெரிவது பருப்பு வேகாதபோதுதான். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் பருப்பை இறுக்கிவிடும், ஆறு விசில் விட்டாலும் துவரம் பருப்பு முழுசாகவே கிடக்கும். கெட்டிலில் அதே தண்ணீரை ஊற்றினால் ஒரே மாதத்தில் அடியில் வெள்ளைப் படலம் கட்டிக்கொள்ளும். நல்ல தண்ணிக் குழாயில் நீல நூல் கட்டிவிட்டு, "நீல நூல் கட்டின குழாய் சமைக்க, மத்தது கழுவ" என்று எழுதுகிறோம்.

மற்ற சாதனங்களுக்கு அதிகம் தேவையில்லை. கீசர் 15 லிட்டர், 2000 வாட்ஸ். போட்ட 20 நிமிடத்தில் சூடாகும், பச்சைத் தண்ணீர் கலந்தால் இரண்டு வாளி வரும், மூன்றாமவர் இன்னொரு 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். இதை அப்படியே சொல்லிவிட்டால் "சுடுதண்ணி நின்னு போச்சு" என்ற புகார் வராது. முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினில் கைத்துவையல் சோப்புப் பொடியைப் போட்டால் நுரை பெருகி, தண்ணீர் வடியாமல் பாதியில் நின்றுவிடும். அதற்கு உரிய லிக்விட்டை நாங்களே வைத்துவிட்டோம். மின்வெட்டின்போது இன்வெர்ட்டரில் ஓடுவது விளக்கும் மின்விசிறியும்தான். மின்வாரியப் பராமரிப்பு நாளென்றால் முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும், காலைச் சமையலை 9 மணிக்குள் முடித்துக்கொள்வார்கள்.

இனி குப்பை. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று மட்டும் எழுதினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஆனால் மறுநாள் எல்லாம் ஒரே பையில் கட்டியிருக்கும். வகையின் பெயர் அல்ல சிக்கல். கையில் இருக்கும் பொருள் எந்த வகை என்று தெரியாததுதான். அதனால் அந்த வீட்டில் தினமும் விழும் பொருளையே எடுத்துச் சொல்ல வேண்டும். ஹோட்டலில் வாங்கிய இட்லிப் பார்சல் ஒன்றைப் பாருங்கள். வாழை இலையும் மிச்சச் சட்னியும் பச்சைத் தொட்டிக்கு. மேலே சுற்றிய காகிதத்தின் உள்பக்கம் பளபளப்பாக இருந்தால் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது என்று அர்த்தம், உதறிவிட்டு நீலத் தொட்டிக்கு. சாம்பார் கவரை சிங்க்கில் காலி செய்யாமல் பச்சைத் தொட்டியில் ஊற்றி, கவரை அலசி நீலத்துக்கு. ஒரே பார்சல் இரண்டு தொட்டிக்கும் பிரிகிறது. இதைப் படமாக எடுத்து அனுப்புகிறோம், அது பத்து வரிக்குச் சமம். பால் பாக்கெட்டுக்கும் ஒரு குறிப்பு உண்டு: மூலையை முழுசாக வெட்டி எடுக்காமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறி ஊற்ற வேண்டும். வெட்டி விழும் அந்தச் சின்னத் துணுக்கு காய்கறித் தோலோடு கலந்து உரக்குழிக்கே போய்விடும்.

பச்சைத் தொட்டியில் பிளாஸ்டிக் பை போட வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது, அடியில் விரிக்க நாளிதழ் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைப் பையைத்தான் தேடுவார்கள். பையில் கட்டிய ஈரக் குப்பையைத் தூய்மைப் பணி செய்யும் அக்கா கையால்தான் கிழித்துக் கொட்டுகிறார். அதை மரியாதையாக ஒரு வரியில் எழுதிய பிறகு பை கட்டுவது பெரும்பாலும் நின்றது.

ஆஸ்பத்திரி விருந்தினருக்கு இரண்டு வரி கூடுதலாக வேண்டும். பெரியவர்களின் டயபரையும் நாப்கினையும் நாளிதழில் சுற்றித் தனிப் பையில் வைக்கச் சொல்கிறோம், அந்தப் பையில் சிவப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டே வைத்திருப்போம். இன்சுலின் ஊசியை எந்தக் குப்பையிலும் போடக் கூடாது. குளியலறை அலமாரியில் மூடியுள்ள கெட்டியான டப்பா இருக்கிறது, ஊசி முழுவதும் அதற்குள். டப்பாவை நாங்களே எடுத்துத் தனியாக ஒப்படைக்கிறோம். திடக்கழிவு மேலாண்மை விதிகளே இவற்றைத் தனியாகக் கையாளச் சொல்கின்றன. செய்தியில் விதியைச் சொல்வதைவிட "குப்பை எடுக்கற அக்கா கையில குத்தும்" என்று சொல்வதே உடனே உறைக்கிறது.

நேரம்தான் அடுத்த சிக்கல். அக்கா மாடிக்கு வருவது காலை 7 முதல் 7.30 வரை. வீட்டைக் காலி செய்வது 11 மணிக்கு. நடுவில் செய்த டிபனின் குப்பை எங்கே போகும்? செய்தியில் அதைச் சொல்லாத நாட்களில் அது சமையலறையிலேயே மூடிக் கிடந்து, அடுத்த வேலையாள் வரும் பிற்பகல் 3 மணிக்குள் ஈ மொய்த்துவிடும். இப்போது: "7.30க்கு மேல சேர்ற குப்பையைக் கீழே கார் நிறுத்தற இடத்துல, லிப்ட்டுக்கு வலது பக்கம் இருக்கற பச்சை, நீலத் தொட்டில போட்டுடுங்க."

காலி செய்யும் வேலைகளில் எங்களுக்கு ஒரே அளவுகோல்: நான்கு மணி நேரம் அப்படியே கிடந்தால் கெட்டுப் போவதை மட்டும் கேட்பது. சுத்தம் செய்யக் காசு வாங்கிக்கொண்டு வீட்டைக் கூட்டு, விரிப்பைத் துவை என்பது நியாயமில்லை. கூட்டுவதை நாங்கள் செய்துகொள்ளலாம். ஆனால் ஈரத் துண்டை மெத்தைமேல் போட்டுப் போனால் ஈரம் மெத்தைக்குள் இறங்கிவிடும். வெளியே விட்ட தோசை மாவு புளித்துப் பொங்கி வழியும். அந்த மாவை சிங்க்கில் கொட்டினால் அதைவிட மோசம், மாவு அடியில் இருக்கும் வளைவுக் குழாயில் படிந்து இறுகி, ஒரு வாரத்தில் தண்ணீர் தேங்கும். சிங்க் மெதுவாக வடிவதும் கீழே குளுக் குளுக் என்று சத்தம் வருவதும் அதன் முதல் அடையாளம். முன்பு "எல்லா சுவிட்சையும் அணைத்துவிடவும்" என்று எழுதி, பிரிட்ஜையும் அணைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. கதவு மூடிய நிலையில் இரண்டு நாளில் உள்ளே பூஞ்சணம். தவறு எங்கள் வாக்கியத்தில்தான் இருந்தது.

முந்தைய மாலை 6 மணிக்குப் போகும் செய்தி இப்போது இப்படி இருக்கிறது:

"வணக்கங்க. சமைக்கிறவங்க போனுக்கும் இதை அனுப்பி விடுங்க. நாளைக்கு 11 மணிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி நாலே வேலைங்க. மீதி மாவு, குழம்பு, சாதம் இருந்தா கீழே இருக்கற பச்சைத் தொட்டில போடுங்க, சிங்க்ல வேண்டாம். ஈரத் துண்டைக் குளியலறைக் கம்பில போடுங்க. ஏசி, கீசர், அடுப்பு மூணையும் அணைச்சிருங்க, பிரிட்ஜ் ஓடட்டும். சாவியை வாசல் பெட்டில போட்டு, நம்பரைக் கலைச்சு விட்டுருங்க. பாத்திரம் கழுவ நேரமில்லைன்னா தண்ணி ஊத்தி வச்சாப் போதும். மருந்து ஏதாச்சும் பிரிட்ஜ் கதவுல இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்குங்க."

கடைசி வரி நாங்கள் பின்னால் சேர்த்தது. இன்சுலினை மறந்துவிட்டுப் போகிறவர்கள் பாதி வழியில்தான் நினைத்துக்கொள்கிறார்கள், அதற்குள் பஸ் பல்லடத்தைத் தாண்டியிருக்கும்.