மாநிலங்களுக்கு எந்தக் குறியீடு: ஐஎஸ்ஓ 3166-2, ஃபிப்ஸ், நட்ஸ் ஓர் அலசல்

பல நாடுகளின் மாநில வாரித் தரவை ஒரே அட்டவணையில் சேர்க்கும்போது ஒரு நெடுவரிசை எல்லாவற்றையும் இணைக்கும் சாவியாக இருக்க வேண்டும். பெயரையே சாவியாக்கினால் அது விரைவில் சிக்கலில் போய் முடியும். பஞ்சாப் இந்தியாவிலும் இருக்கிறது, பாகிஸ்தானிலும் இருக்கிறது. அமேசோனாஸ் என்ற பெயரில் பிரேசில், கொலம்பியா, பெரு, வெனிசுவேலா ஆகிய நான்கு நாடுகளிலும் ஒரு பிரிவு உண்டு. அதனால் பெயர் படிப்பவருக்கு, இணைப்புக்குக் குறியீடு என்று பிரித்துக்கொள்வதே நல்லது. எந்தக் குறியீடு என்பதில்தான் போட்டி.

ஐஎஸ்ஓ 3166-2 முதலில் வெளியானது 1998இல். நாட்டின் இரண்டெழுத்து, ஒரு சிறுகோடு, அதன்பின் மூன்று எழுத்து அல்லது எண் வரை: தமிழ்நாடு `IN-TN`, கலிஃபோர்னியா `US-CA`. நாட்டின் முன்னொட்டு கூடவே வருவதால் அமெரிக்காவின் வாஷிங்டன் `US-WA`, ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆஸ்திரேலியா `AU-WA` என்று குழப்பமின்றி நிற்கின்றன. பின்பகுதியை மட்டும் வெட்டித் தனி நெடுவரிசையாக வைப்பவர்கள் இந்தப் பாதுகாப்பை இழக்கிறார்கள். இத்தாலியின் நேப்பிள்ஸ் `IT-NA`. வெட்டி வைத்த `NA`வை `pandas` இயல்பாகவே வெற்று மதிப்பாகப் படித்துவிடும். பிரான்சின் `FR-01`இலிருந்து வெட்டிய `01` விரிதாளில் வெறும் 1 ஆகிவிடும். முழுக் குறியீட்டையும் உரையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க அரசின் ஃபிப்ஸ் 10-4 பழைய போட்டியாளர். அந்த நாட்டின் தர நிறுவனமான நிஸ்ட் 2008இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனாலும் அது சாகவில்லை. ஜியோநேம்ஸ் தரவுத்தளத்தின் முதல் நிலைப் பிரிவு எண்களில் பெரும்பாலானவை ஃபிப்ஸ் வழி வந்தவைதான். அங்கே தமிழ்நாடு `IN.25`. அதை ஐஎஸ்ஓ அட்டவணையோடு நேராக இணைத்தால் ஒரு வரிசைகூடப் பொருந்தாது. அது நல்லதுதான், பிழை கண்ணில் படும். மூல ஃபிப்ஸ் கோப்புகளில்தான் ஆபத்து. அவற்றில் நாட்டு எழுத்துகளே வேறு: ஜெர்மனி `GM`, ஐஎஸ்ஓவில் அதே `GM` காம்பியா. இங்கே ஜெர்மனியின் தரவு சத்தமில்லாமல் காம்பியாவின் கணக்கில் ஏறிவிடும். புதிய வேலைக்கு ஃபிப்ஸ் வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நட்ஸ் முறையை நான் மிகவும் மதிக்கிறேன். `DE2` பவேரியா, `DE21` அதற்குள் உள்ள மேல் பவேரியா. குறியீட்டை வலப்பக்கம் ஓரெழுத்து சுருக்கினால் மேல் நிலை கிடைத்துவிடும். ஐஎஸ்ஓவில் இந்த வசதி இல்லை. பிரான்சின் `FR-ARA` ஒரு மண்டலம், `FR-01` அதற்குள் உள்ள ஒரு மாவட்டம். இரண்டும் ஒரே பட்டியலில் வருகின்றன. நிலை பார்க்காமல் கூட்டினால் ஒரே மக்கள் இருமுறை எண்ணப்படுவார்கள். ஆகவே பிரிவின் வகை, தாய்ப் பிரிவு என்ற இரண்டு நெடுவரிசைகளையும் ஐஎஸ்ஓ பட்டியலிலிருந்து சேர்த்தே எடுக்க வேண்டும். நட்ஸின் குறை, ஐரோப்பாவைத் தாண்டினால் அது ஏறத்தாழப் பயன்படாது.

உலக அட்டவணைக்கு ஐஎஸ்ஓ என்பதே என் தேர்வு. ஆனால் அதுவும் நிலையானதல்ல. ஒரிசா 2011இல் ஒடிசா ஆனபோது குறியீடு `IN-OR` என்றே தொடர்ந்தது. 2023இல் அது `IN-OD` ஆனது. இதைவிடக் கடினமானது நார்வே. 2020இல் ஓஸ்ட்ஃபோல்ட், அகெர்ஷுஸ், புஸ்கெருட் மூன்றும் இணைந்து விகென் ஆயின. 2024இல் விகென் மீண்டும் மூன்றாகப் பிரிந்தது. பழைய எண்கள் திரும்பி வரவில்லை:

```
code,name,valid_from,valid_to
NO-01,Østfold,,2019-12-31
NO-30,Viken,2020-01-01,2023-12-31
NO-31,Østfold,2024-01-01,
```

2019இன் மக்கள்தொகையையும் 2024இன் மக்கள்தொகையையும் குறியீட்டால் இணைத்தால் ஓஸ்ட்ஃபோல்ட் காணாமல் போகும். பெயரால் இணைத்தால் பொருந்தும், ஆனால் இடையில் சில நகராட்சிகள் இடம் மாறியதால் இரண்டின் எல்லையும் அச்சொட்டாக ஒன்றல்ல. நேர்மையான வழி, தொடக்க, முடிவுத் தேதிகளோடு குறியீட்டைச் சேமித்து, எது எதுவாக மாறியது என்று தனி அட்டவணையில் எழுதுவது. எல்லை மாறிய இடத்தில் நகராட்சி அளவிலிருந்து மீண்டும் கூட்டி வர வேண்டும்.

ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் இரண்டு சோதனைகள் போதும். பொருந்தாத வரிசைகளை இரு பக்கமும் எண்ணுங்கள். ஒவ்வொரு நாட்டின் கூட்டுத்தொகையையும் அந்நாட்டின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் குறியீடு மாறியிருக்கலாம். ஏறக்குறைய இரு மடங்கானால் இரண்டு நிலைகள் கலந்துவிட்டன.