ஏப்ரல் சரிவு நிஜம்தானா? போன வருடத்தோடு ஒப்பிடுவதா, பல வருடங்களோடா?

வெள்ளவத்தையில் நாங்கள் நடத்தும் புத்தகக் கடையின் பேஸ்புக் பக்கத்தில், ஏப்ரல் நடுவில் லைக்கும் கமெண்டும் குறைகின்றன. கொழும்பில் பாதிப்பேர் ஊருக்குப் போய்விடும் புத்தாண்டு வாரம் அது. காரணம் விடுமுறையா, தற்செயலா? முந்திய வாரத்தோடு ஒப்பிடலாம், போன வருடத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடலாம், பல வருடங்களின் அதே வாரங்களை வரிசையாக வைத்தும் பார்க்கலாம். நான் மூன்றாவதன் பக்கம்.

முந்திய வாரத்தோடு ஒப்பிட்டால் இறங்கியது தெரியும், ஏன் என்று தெரியாது.

போன வருடத்தோடு ஒப்பிடுவதில் பக்கத்தின் வளர்ச்சி கணக்கைக் குழப்பும். வழக்கமான வாரம் அப்போது 800, இப்போது 1200 என்று வையுங்கள். புத்தாண்டு வாரம் அப்போது 600, இப்போது 900. 50 வீத ஏற்றம் போலத் தெரியும். ஆனால் இரண்டு வருடமும் கால்வாசி சரிந்திருக்கிறது.

அதனால் ஒவ்வொரு வருடத்தையும் முதலில் அதற்குள்ளேயே ஒப்பிடுகிறேன். புத்தாண்டு வாரத்தை முன்னும் பின்னும் ஒட்டிய இரு வாரங்களை விட்டு, அவற்றுக்கு முன் 2, பின் 2 வாரங்களை எடுத்து, அவற்றின் எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடையத்தால் புத்தாண்டு வார எண்ணை வகுப்பேன். சராசரி வேண்டாம், ஒரே ஒரு வைரல் பதிவு அதைத் தூக்கிவிடும். போட்ட பதிவுகளின் எண்ணிக்கையால் முன்பே வகுத்திருக்கவும் வேண்டும். விடுமுறையில் நாமும் குறைவாகத்தானே போடுகிறோம்.

"அதே வாரம்" என்பதையும் வார இலக்கத்தால் பிடிக்க முடியாது. ஏப்ரல் 14, 2023இலும் 2024இலும் 15ஆம் வாரம், 2025இல் 16ஆம் வாரம். வெசாக் இன்னும் நகரும்: 2023இல் மே 5, 2024இல் மே 23, 2025இல் மே 12. ஆகவே பண்டிகை நாளை நடுவில் வைத்து 7 நாட்களை எண்ணுவதே சரி.

அப்புறம் தற்செயல். விடுமுறைக்குப் பங்கே இல்லையென்றால், ஒரு வாரம் இடையத்துக்குக் கீழே போகவும் மேலே போகவும் ஏறத்தாழச் சம வாய்ப்பு. 4 வருடமும் கீழே போக 16இல் 1 வாய்ப்பு. அது அரிதுதான். ஆனால் வருடத்தின் 52 வாரங்களையும் துழாவி 4 முறையும் சரிந்த வாரம் எது என்று தேடினால், சும்மாவே 3 வாரங்கள் அகப்படும். இந்த ஒரு காரணத்துக்காகவே, தரவைத் திறக்கும் முன் எந்த வாரத்தைச் சோதிக்கிறோம் என்று எழுதி வைக்க வேண்டும். எழுதி வைக்காமல் கண்ணில் பட்ட சரிவை அடுத்த வருடத் தரவில் சோதிக்கும்வரை நம்ப மாட்டேன்.

ஊரடங்கில் கழிந்த 2020 ஏப்ரலையும், போராட்டமும் மின்வெட்டுமாக இருந்த 2022 ஏப்ரலையும் நான் சேர்ப்பதில்லை. அவற்றை விட்டால் கையில் மிஞ்சும் வருடங்கள் குறைவு. ஆனாலும் ஏப்ரல் சரிவைத் துணிந்து சொல்வேன். வெசாக் பற்றி இன்னும் சில வருடங்கள் சேரட்டும்.