ஹேண்ட் ஷவர் ஹோஸ்: 1 மீட்டரா, 1.5 மீட்டரா? ஸ்டீலா, பிவிசியா?

குழாய் வாய் தரையிலிருந்து 3 அடியில் (90 செ.மீ.) இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

உயரமானவருக்கு ஹோல்டர் 6½ அடியில் (200 செ.மீ.): இடைவெளியே 110 செ.மீ. என்பதால் 1 மீட்டர் எட்டாது. 1.5 மீட்டரில் 40 செ.மீ. தளர்வு மிஞ்சும்.

குழந்தைக்கு 4 அடியில் (120 செ.மீ.) இன்னொரு ஹோல்டர்: 1 மீட்டர் போதும். 1.5 மீட்டரும் தொங்கித் தரைக்கு ஓரடி மேலேயே நிற்கும். 2 மீட்டர் வாங்கினால் கிட்டத்தட்ட தரையைத் தொடும்.

மடிப்பு: பிவிசி நட்டுக்குப் பக்கத்தில்தான் ஒடியும், சுடுதண்ணியில் இளகி இன்னும் சீக்கிரம். வெள்ளைக்கோடு விழுந்தால் அடுத்தது விரிசல். ஸ்டீல் மடியாது. ஆனால் முறுக்கினால் உள்குழாய் பிழிந்து தண்ணி குறையும். சுழலும் நட்டு உள்ளதாகப் பாருங்கள்.

உப்பு: பல்லடம் பக்கத்து போர் தண்ணியில் ஸ்டீல் வளையங்களுக்குள் வெள்ளை படிந்து விறைத்துவிடும். வழவழப்பான பிவிசியைத் துடைத்தால் போதும். சிறுவாணித் தண்ணி வரும் வீட்டில் இந்தத் தொல்லை குறைவு.

எனவே ஹீட்டரும் நல்ல தண்ணியும் இருந்தால் 1.5 மீட்டர் ஸ்டீல். உப்புத் தண்ணி என்றால் அதே நீளத்தில் தடித்த பிவிசி. குழந்தைக்கு மட்டும் என்றால் 1 மீட்டர்.