ஒரே நிராகரிப்புக் கடிதம், மூன்று எளிய வடிவங்கள்

மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் கிளைமை மறுத்து அனுப்பும் கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஒரு பக்கம்தான். அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு குடும்பமே திகைத்து நிற்கிறது. படித்தவர் யாரிடமாவது கொடுத்து, ‘என்ன சொல்கிறார்கள் என்று எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்கிறார்கள். எழுதிக் கொடுப்பவர்கள் மூன்று விதமாக எழுதுகிறார்கள். சிலர் வரிக்கு வரி தமிழாக்குகிறார்கள். சிலர் நான்கு வரியில் சுருக்கித் தருகிறார்கள். மிகச் சிலரே கடிதத்தைப் பிரித்து, பாலிசிதாரர் கேட்கக்கூடிய கேள்விகளின் வரிசையில் திருப்பி எழுதுகிறார்கள். எது உண்மையில் உதவுகிறது என்பதை ஒரே கடிதத்தை மூன்று விதமாகவும் எழுதிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

மாதிரிக்கு இந்தக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். தையற்கடை வைத்திருக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். பாலிசி 2024 மே 10 அன்று தொடங்கியது. காலில் சீழ் வைத்து, 2025 அக்டோபரில் நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார். பில் 86,400 ரூபாய். நவம்பரில் வந்த கடிதத்தின் சாரம் இது: டிஸ்சார்ஜ் சம்மரியின்படி இவருக்கு ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, அது பாலிசிக்கு முற்பட்டது, பாலிசி இரண்டாம் ஆண்டில்தான் இருக்கிறது, முன்பிருந்த நோய்க்கும் அதன் நேரடிச் சிக்கல்களுக்கும் 36 மாதம் முடியும்வரை செலவு தரப்படாது என்கிற Excl01 விதிப்படி கிளைம் நிராகரிக்கப்படுகிறது. கடைசியில் நிறுவனத்தின் உரிமைகளைக் காக்கும் சட்ட வரி ஒன்று. அதற்கும் கீழே, சிறிய எழுத்தில், குறைதீர்ப்பு அதிகாரியின் மின்னஞ்சல்.

முதலில் வரிக்கு வரி மொழிபெயர்ப்பு. நேர்மையான முறைதான், எதையும் விடுவதில்லை. ஆனால் மூன்று இடங்களில் அது வாசகரைத் தவறான பக்கம் திருப்பிவிடுகிறது. ‘முன்பே இருந்த நோய்’ என்று எழுதினால், எதற்கு முன்பு என்பது அந்தச் சொல்லில் இல்லை. மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பு என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ‘ஆமாம், சேரும்போது சர்க்கரை இருந்ததே’ என்று ஒப்புக்கொண்டு அடங்கிவிடுகிறார்கள். விதி சொல்வது பாலிசி தொடங்கிய நாளுக்கு முந்தைய 36 மாதங்களை. அந்தக் காலத்துக்குள் மருத்துவர் கண்டறிந்திருக்க வேண்டும், அல்லது அந்த நோய்க்கு ஆலோசனையோ சிகிச்சையோ பெற்றிருக்க வேண்டும்.

அடுத்தது ‘காத்திருப்புக் காலம்’. இதைப் படித்தவர், காத்திருந்தால் பணம் வரும் என்று நினைக்கிறார். 2027 மே மாதம்வரை பொறுத்திருந்து இதே பில்லைத் திரும்ப அனுப்பலாம் என்று எண்ணி, மேல்முறையீட்டுக்கு உரிய நாட்களைக் கைவிட்டுவிடுகிறார். அந்தக் காலத்துக்குள் நடந்த சிகிச்சைக்கு எப்போதுமே பணம் வராது என்பதுதான் பொருள். மூன்றாவது, கடைசியில் வரும் சட்ட வரி. அதிலுள்ள ‘without prejudice’ என்பதைப் ‘பாரபட்சமின்றி’ என்று பெயர்த்துவிட்டால், நடுநிலையோடு முடிவெடுத்திருக்கிறார்கள் என்று வாசகர் நம்பிவிடுகிறார். நிறுவனம் தன் மற்ற உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

இரண்டாவது, சுருக்கம்: ‘உங்கள் கிளைம் நிராகரிக்கப்பட்டது. காரணம், பழைய சர்க்கரை நோய். மேல்முறையீடு செய்யலாம்.’ படிக்க எளிது. ஆனால் இதை வைத்து மேல்முறையீடு எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. காரணமாகச் சொல்லப்படுவது ஒரு விதி மட்டும் அல்ல. விதி, அது பொருந்துவதாகக் காட்டும் ஒரு தகவல், அந்தத் தகவலையும் சிகிச்சையையும் சேர்க்கும் முடிச்சு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் காரணம். விதியோடு வாதாடிப் பயனில்லை, பாலிசியில் அச்சாகியிருக்கிறது. தகவலோடும் முடிச்சோடும்தான் வாதாட முடியும். சுருக்கம் தூக்கி எறிவது இந்த இரண்டையும்தான்.

அதைவிடக் கேடு ஒன்றும் சுருக்கத்தில் நேர்கிறது. சுருக்குபவர் தன் ஊகத்தைச் சேர்த்து, ‘நோயை மறைத்து பாலிசி எடுத்திருக்கிறீர்கள் என்று சொல்கிறார்கள்’ என்று எழுதிவிடுகிறார். இந்தக் கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. காத்திருப்புக் கால விதியில் மறுப்பது வேறு, தகவலை மறைத்ததாகக் குற்றம் சாட்டுவது வேறு. இரண்டாவது வந்தால் பாலிசியே ரத்தாகலாம். பயந்துபோன பாலிசிதாரர் மேல்முறையீட்டில், ‘தெரியாமல் மறைத்துவிட்டேன், மன்னிக்கவும்’ என்று எழுதினால், நிறுவனம் கேட்காத வாக்குமூலத்தை அவரே கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுகிறார். இதை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. உதவ வந்தவர் எழுதிய ஒரு வரி செய்யும் வேலை இது.

அதனால் என் தேர்வு மூன்றாவது வடிவம்தான். அதில் இந்தக் கடிதம் ஏறக்குறைய இப்படி வரும்:

‘நீங்கள் கேட்ட 86,400 ரூபாயில் எதுவும் தர நிறுவனம் மறுத்திருக்கிறது.

ஏன்? உங்களுக்குச் சர்க்கரை நோய் ஆறு ஆண்டுகளாக இருக்கிறது என்று நிறுவனம் கருதுகிறது. அப்படியானால் 2024 மே 10, பாலிசி தொடங்கிய நாளுக்கு முன்பே அது இருந்திருக்கிறது. பாலிசிக்கு முன்பே இருந்த நோய்க்கோ, அந்த நோயால் நேரடியாக வந்த பாதிப்புக்கோ 2027 மே 9 வரை நடக்கும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்பது பாலிசி விதி.

எதை வைத்துச் சொல்கிறார்கள்? டிஸ்சார்ஜ் சம்மரியில் “சர்க்கரை நோய், 6 ஆண்டு” என்று இருக்கும் ஒரே வரியை வைத்து.

அவர்கள் சொல்லாதது: நீங்கள் எதையும் மறைத்ததாகக் கடிதத்தில் இல்லை.

இது சரியா என்று நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. உங்களுக்குச் சர்க்கரை என்று முதன்முதலில் எப்போது தெரிந்தது? காலில் வந்த சீழ் சர்க்கரையால் வந்ததா, வேறு காயத்தால் வந்ததா?’

இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டவுடன்தான் கதை வெளியே வருகிறது. நம் தையற்காரருக்குச் சர்க்கரை தெரிந்தது 2025 ஏப்ரலில், சேர்வதற்கு ஆறு மாதம் முன்பு. ‘ஆறு மாதம்’ என்பதை மருத்துவக் குறிப்பில் 6/12 என்று எழுதும் வழக்கம் உண்டு. அதைப் பார்த்து டிஸ்சார்ஜ் சம்மரியைத் தட்டச்சு செய்தவர் ஆறு ஆண்டு என்று போட்டுவிட்டார். முழு நிராகரிப்பும் அந்த ஒரு எழுத்துப் பிழையின் மேல்தான் நிற்கிறது. மொழிபெயர்ப்பில் அந்த வரி கண்ணில் பட்டிருக்கும், மனதில் தைத்திருக்காது. சுருக்கத்தில் அது இருந்திருக்கவே இருந்திருக்காது.

பிழை தெரிந்தபின் சேர்க்க வேண்டிய தாள்களும் தெளிவாகிவிடுகின்றன. ஏப்ரலில் எடுத்த முதல் ரத்தப் பரிசோதனை முடிவு, அன்று எழுதிய முதல் மருந்துச் சீட்டு, பாலிசி எடுப்பதற்கு முன்பு செய்த பரிசோதனை ஏதாவது இருந்தால் அதுவும். அடுத்து, சிகிச்சை தந்த மருத்துவர் தன் பதிவு எண்ணோடு மருத்துவமனைத் தாளில் எழுதித் தரும் திருத்தச் சான்று. பழைய சம்மரியிலேயே அடித்துத் திருத்தி வாங்கி வருவது ஆபத்து. பின்னால் மாற்றிய தாள் என்று அதை ஒதுக்கிவிடுவார்கள். சேர்க்கையின்போது கையால் எழுதிய உள்நோயாளிக் குறிப்பேட்டின் நகல் இருந்தால் பிழை எங்கே நேர்ந்தது என்பதையே காட்டிவிடலாம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி.

ஒருவேளை ஆறு ஆண்டு என்பது உண்மையாகவே இருந்தால்? அப்போதும் இரண்டாவது கேள்வி மிச்சமிருக்கிறது. கத்தரிக்கோல் விழுந்து ஏற்பட்ட காயத்தில் சீழ் பிடித்திருந்தால், சர்க்கரையின் நேரடிப் பாதிப்பு இது அல்ல என்று மருத்துவர் எழுதித் தர இடமுண்டு. இது முதல் வாதத்தைவிடப் பலவீனமானது. சர்க்கரை இருந்ததால்தான் காயம் ஆறவில்லை என்று நிறுவனம் சொல்லும். அந்தப் பலவீனத்தையும் எளிய கடிதம் சொல்லிவிட வேண்டும்.

மேல்முறையீட்டுப் படிகளிலும் மூன்று வடிவங்களும் வேறுபடுகின்றன. மூலக் கடிதமும் அதன் மொழிபெயர்ப்பும் முகவரிகளை அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. எந்த வரிசையில், எத்தனை நாளில் என்பதே வேண்டியது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்பிப் புகார் எண் வாங்க வேண்டும். இரண்டு வாரத்தில் பதில் வர வேண்டும். அதே புகாரை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளமான bimabharosa.irdai.gov.in வழியாகவும், 155255 எண்ணிலும் பதியலாம். நிறுவனம் மறுத்தாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ, நிறுவனத்துக்கு வெளியே இருக்கும், ஆம்பட்ஸ்மன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை அலுவலகம். அதற்கு ஓராண்டு அவகாசம் உண்டு. அந்த ஓராண்டு நிறுவனம் உங்கள் முறையீட்டை மறுத்த பதில் கையில் கிடைத்த நாளிலிருந்து, அல்லது பதில் வராத அந்த ஒரு மாதம் முடிந்த நாளிலிருந்து ஓடுகிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் அங்கே வாதாட முடியாது. 50 லட்சம் ரூபாய்வரை தீர்ப்பளிக்கலாம். தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்துவிட்டால் அதே விஷயத்துக்குக் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது. ஆகவே எளிய கடிதத்தில் இந்த எச்சரிக்கை, முகவரிக்கு முன்னால் வர வேண்டும்.

மூன்றாவது வடிவத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அது மூலக் கடிதத்தின் இடத்தைப் பிடிக்கக் கூடாது. நிராகரிப்புக் கடிதத்தில் சொல்லாத புதிய காரணத்தை நிறுவனம் பிற்பாடு நுகர்வோர் ஆணையத்தில் எழுப்ப முடியாது என்று சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. நிறுவனம் என்ன சொன்னது, எதைச் சொல்லவில்லை என்பதற்கு அந்த ஆங்கிலக் கடிதம்தான் சாட்சி. எனவே எளிய வடிவத்தின் பின்னால் மூலத்தை அப்படியே இணைத்து, காரணம் சொல்லும் இரண்டு வரிகளின் கீழ் கோடிட்டுத் தர வேண்டும். விதி எண்ணையே குறிப்பிடாத கடிதம் வந்தால், அதை எளிமையாக்க முயலாமல் விதியைக் கேட்டு எழுதுவதே முதல் வேலை. நிராகரிக்கும்போது பாலிசியின் குறிப்பிட்ட விதியைச் சுட்டிக்காட்ட வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது.

சுருக்கம் சரியாகப் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. மருத்துவமனையில் படுத்திருக்கும்போதே வரும் ‘கேஷ்லெஸ் மறுப்பு’ச் செய்தி. அதைக் கிளைம் நிராகரிப்பு என்று நினைத்துப் பில்களைக்கூட வாங்காமல் வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே நான்கு வரியே போதும்: ‘மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் தர மட்டும் மறுத்திருக்கிறார்கள். கிளைம் இன்னும் முடியவில்லை. இப்போது நீங்கள் கட்டிவிட்டு, பிறகு திரும்பக் கேட்கலாம். எல்லா அசல் பில்களையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் வாங்கிக்கொண்டு, நோய் எத்தனை காலம் என்று எழுதியிருக்கும் வரியைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.’