ஃபுளோரைடு தண்ணீருக்கு அலுமினா வடிகட்டியா, படிகாரமா, ஆர்ஓவா, காவிரிக் குழாயா?

பென்னாகரம் பக்கத்தில் என் பெரியம்மா வீட்டில் ஒரு வடிகட்டி இருக்கிறது. மேலே ஒரு வாளி, கீழே ஒரு வாளி, மேல் வாளியில் மூன்று கிலோ ஆக்டிவேட்டட் அலுமினா, ஜவ்வரிசி மாதிரி வெள்ளை உருண்டைகள். சொட்டுச் சொட்டாக அழகாக இறங்கும். நான்கு வருடமாக இறங்குகிறது. போன கோடையில் சும்மா இருக்காமல் இரண்டு வாளித் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுத்தேன். உள்ளே போனது லிட்டருக்கு 3.9 மில்லிகிராம் ஃபுளோரைடு, வெளியே வந்தது 3.8. வடிகட்டி இரண்டு வருடமாவது செத்துக் கிடந்திருக்க வேண்டும், யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? ஃபுளோரைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை, இந்த அளவில் ருசியும் இல்லை.

அப்போதிருந்து இந்த முறைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் அலுமினாவிடமிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அது மோசமான முறை இல்லை. கான்பூர் ஐஐடி உருவாக்கி, 1990களில் யுனிசெஃப் துணையோடு ராஜஸ்தானின் துங்கர்பூர் பக்கமும் ஆந்திரக் கிராமங்களிலும் கொண்டுபோன அதே வாளி வடிகட்டிதான் இது. கரண்ட் வேண்டாம், தினமும் மருந்து போட வேண்டாம், தண்ணீர் ருசி மாறாது. மணிக்கு பத்து லிட்டர் அளவில் இறங்கும், குடிக்கவும் சமைக்கவும் போதும்.

சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பாறையில் ஃபுளோரைடு உள்ள தாதுக்கள் இருக்கின்றன. பைகார்பனேட் நிறைந்து பிஎச் 8ஐ ஒட்டி நிற்கிற, கால்சியம் குறைந்த தண்ணீர்தான் அதைப் பாறையிலிருந்து நன்றாகக் கரைத்து எடுக்கும். அலுமினாவுக்கோ பிஎச் 5.5 மாதிரி லேசான புளிப்பு இருந்தால்தான் உற்சாகம், காரம் ஏற ஏற அதன் பிடி தளரும். ஆக எந்த போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமோ அந்தத் தண்ணீரில்தான் இந்த வடிகட்டி சோம்பேறி. விற்பவர் காட்டுகிற திறன் கணக்கு பெரும்பாலும் ஆய்வகத்துச் சாதகமான தண்ணீரில் எடுத்தது. நம் ஊர்த் தண்ணீரில் ஒரு கிலோ அலுமினா ஒன்றிலிருந்து இரண்டு கிராம் ஃபுளோரைடு பிடித்தால் சந்தோஷப்படலாம்.

பெரியம்மா வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிலோவுக்கு ஒன்றரை கிராம் என்று வைத்தால் மூன்று கிலோவுக்கு 4,500 மில்லிகிராம். ஒரு நாளைக்கு 20 லிட்டர், லிட்டருக்குச் சராசரியாக 3.5 மில்லிகிராம் நீங்குகிறது என்றால் தினம் 70. அதாவது 64 நாள், இரண்டு மாதம்தான். பிடிப்பு கிலோவுக்கு ஒரு கிராமாகக் குறைந்தால் 43 நாள். அதற்குப் பிறகு வெளியே வருவது 1.5ஐத் தாண்டும். இந்திய நிர்ணயத்தில் 1 வரை நல்லது, வேறு ஊற்றே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறது.

தாண்டினால் அலுமினாவைக் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். பாறையிலும் வடிகட்டியிலும் நடந்த அதே வேலையைத்தான் இங்கே நாமே வேண்டுமென்று செய்கிறோம்: காரம் ஏற்றினால் ஃபுளோரைடு கழன்றுவிடும். உருண்டைகளைத் துணிப்பையில் கட்டி, பத்து லிட்டர் தண்ணீரில் நூறு கிராம் காஸ்டிக் சோடா கரைத்து எட்டு மணி நேரம் ஊறவைப்பார்கள். பிறகு அலசி, நீர்த்த கந்தக அமிலத்தில் இன்னொரு எட்டு மணி நேரம், மறுபடி அலசல். காஸ்டிக் கரைசல் விரலில் பட்டால் சோப்பு மாதிரி வழுக்கும், அது தோல் கரைகிற வழுக்கல். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக் கூடாது. அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் இல்லை. இதை அடுப்படியில் செய் என்று எந்த மனுஷரிடம் சொல்வது? பெரியம்மா வீட்டுக்கு வடிகட்டி கொடுத்த குழு ஒரு முறை வந்து செய்தது, அப்புறம் வரவில்லை.

கழிவையும் சேர்த்துப் பாருங்கள். 4,500 மில்லிகிராம் பத்து லிட்டர் காஸ்டிக்கில் இறங்கினால் லிட்டருக்கு 450 மில்லிகிராம், கிணற்றுத் தண்ணீரைப் போல நூறு மடங்குக்கு மேல். கூடவே கரைந்த அலுமினியம். போருக்குப் பக்கத்துக் கால்வாயில் ஊற்றினால் சுற்றி நமக்கே வரும். ஒவ்வொரு கழுவலிலும் உருண்டை கொஞ்சம் கரைந்து தேய்கிறது, பிடிப்பும் குறைகிறது. சில சுற்றுக்குப் பிறகு புதிதாக வாங்கத்தான் வேண்டும்.

படிகார முறைக்கு நல்கொண்டா முறை என்று பெயர், நாக்பூர் நீரி நிறுவனம் உருவாக்கியது. ஒரு வாளித் தண்ணீரில் சுண்ணாம்பு, படிகாரம், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கலக்கி, தெளியவிட்டு, மேல் தண்ணீரை எடுப்பது. சரக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும், காஸ்டிக் வம்பு இல்லை. ஆனால் காரம் அதிகமான தண்ணீருக்கு லிட்டருக்குப் பல நூறு மில்லிகிராம் படிகாரம் தேவை, சல்பேட் ஏறி ருசி கெடும், அளவு பிசகினால் அலுமினியம் மிஞ்சும், தினமும் வண்டல் வேறு. ஒரு விஷயத்தில் மட்டும் இது அலுமினாவை ஜெயிக்கிறது: தினசரி வேலை என்பதால் நின்றுபோனால் அன்றே தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வேலைதான் மறந்துபோகும்.

ஊர் ஆர்ஓ ஃபுளோரைடோடு உப்பையும் எடுத்துவிடும், அலுமினாவால் உப்பைத் தொடவே முடியாது. உப்புத் தண்ணீர் ஊராக இருந்தால் பேச்சே இல்லை, ஆர்ஓதான். ஆனால் கிராம நிலையங்களில் பாதித் தண்ணீரை வெளியே தள்ளுவது சகஜம், அதில் ஃபுளோரைடு ஏறக்குறைய இரட்டிப்பாக இருக்கும். இன்னொன்று, காசு கொடுத்து வாங்கிய கேனைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு சோற்றுக்குப் போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். அரிசியும் பருப்பும் அந்த ஃபுளோரைடை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. ஃபுளோரைடு குறைந்த ஆற்று நீர், வீட்டில் செய்ய ஒன்றுமே இல்லை. என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் தண்ணீர் பற்றாத நாளில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் சேர்த்து ஏற்றினால் கதை மாறும். 0.3 உள்ள ஆற்றுநீரும் 4 உள்ள போர் நீரும் சரிபாதி என்றால் 2.15.

குழாய் எட்டாத ஊருக்கு அலுமினாவை நான் இன்னும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஒரு நிபந்தனையோடு: கழுவல் வீட்டில் நடக்கக் கூடாது. பழைய பையை வாங்கிக்கொண்டு கழுவிய பையைக் கொடுக்கிற ஓர் இடம் ஊருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கழிவை வைக்க இடமும் அங்கேயே. அது இல்லாத ஊரில் வடிகட்டி கொடுப்பது பெரியம்மாவுக்குக் கொடுத்த மாதிரிதான்.

வீட்டில் ஏற்கெனவே இருந்தால் 40ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு தரம் கிட் வைத்துப் பாருங்கள். சிவப்பு மஞ்சளாக மாறுகிற சாயக் கிட் போதும். புதுப்பித்த கையோடு எடுத்த முதல் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். தண்ணீரில் கரைந்து வந்த அலுமினியம் ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொண்டு கிட்டில் குறைவாகக் காட்டும். இரண்டு நாள் தண்ணீர் ஓடவிட்டு அப்புறம் பாருங்கள். பெரியம்மா வீட்டுச் சுவரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் இப்போது பை மாற்றிய தேதியும் கரியால் எழுதியிருக்கிறது.