சென்ட் கடையில் உங்கள் ஸ்கார்ஃபில் அடித்துக்காட்ட விடாதீர்கள்

வெளிர் கிரீம் நிறப் பட்டு ஸ்கார்ஃப். சென்ட் வாங்கப் போன பெண்ணின் கழுத்தில் இருந்தது. "கையில அடிச்சா சீக்கிரம் போயிடும் மேடம், ஸ்கார்ஃப்ல அடிச்சுக் காட்டுறேன், மூணு நாள் நிக்கும்" என்று சொல்லிவிட்டு, விற்பனையாளர் கிட்டத்தில் வைத்து ஒரே இடத்தில் நான்கு முறை அழுத்தினார். கறை படாதா என்று அந்தப் பெண் கேட்டதும், அதே சென்ட்டை ஒரு வெள்ளை டிஷ்யூவில் அடித்து, ஒரு நிமிடம் ஆறவிட்டு, "பாருங்க, சுத்தமா இருக்கு" என்று காட்டினார். வெண்ணிலாவும் மல்லிகையும் தூக்கலாக இருந்த சென்ட் அது. மூன்று நாள் வாசனை நிற்கவும் செய்தது. அந்த நம்பிக்கையில் பெரிய பாட்டிலே வாங்கினார்.

அடுத்த முறை டிரை கிளீனிங்குக்குப் போய்த் திரும்பி வந்த ஸ்கார்ஃபில், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கலந்த பழுப்புத் திட்டு. சலவைக்கடையில் சென்ட் கறை என்றார்கள். சென்ட் கடையில் சலவைக்காரர் கெடுத்தது என்றார்கள். இரண்டு பக்கமும் நடந்து ஓய்ந்தபின், "இதுல ஆல்கஹாலே இல்ல, துணிக்கும் முடிக்கும் தாராளமா அடிக்கலாம்" என்று ஒரு சிறிய மிஸ்ட் பாட்டிலைக் கொடுத்து அனுப்பினார்கள். கெட்டுப்போன ஸ்கார்ஃபுக்குப் பதில் ஏதும் இல்லை.

இதில் டிஷ்யூவில் அடித்துக்காட்டியது ஏமாற்று, மூன்று நாள் கணக்கும் ஏமாற்று. கடைசியில் கொடுத்த மிஸ்ட் அவற்றுக்குக் குறைந்ததில்லை.

முதலில் அந்த மூன்று நாள். தோல் சூடாக இருப்பதால் அதில் அடித்த வாசனை வேகமாக ஆவியாகிறது. தோலின் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் வாசனையை மாற்றிவிடுகின்றன. துணியில் அந்தச் சூடு குறைவு, நூலிழைகளுக்குள் எண்ணெய் ஒளிந்துகொள்ள இடமும் உண்டு. அதனால் எந்தச் சாதாரண சென்ட்டும் துணியில் நாள்கணக்கில் நிற்கும். எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற முதல் வாசனைகள் துணியிலும் சீக்கிரம் போய்விடும். மறுநாளும் நிற்பவை கஸ்தூரி வகை செயற்கை வாசனைகள், வெண்ணிலா, பச்சௌலி, சந்தனம் போன்ற அடிவாசனைகள்தான். ஆக, ஸ்கார்ஃபில் காட்டிய காட்சி அந்தப் பாட்டிலின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தோலுக்காக வாங்குகிறீர்கள் என்றால் முழங்கையின் உட்புறத்தில் ஒரு முறை அடித்து, தேய்க்காமல், நான்கைந்து மணி நேரம் கழித்து முகர்ந்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வெறும் கையோடு வந்துவிடுங்கள்.

இனி டிஷ்யூ. சென்ட் கறைகளில் பலவும் அடித்த உடனே கண்ணுக்குத் தெரியாது என்பது கடையில் நிற்பவருக்கு நன்றாகவே தெரியும். வெண்ணிலா வாசனையைத் தரும் வெண்ணிலின் என்ற பொருள் கரைந்திருக்கும்போது நிறமற்றது; காற்றும் வெளிச்சமும் பட்டுப் போகப்போகத்தான் பழுப்பாகும். வெண்ணிலா மிகுந்த சென்ட் பாட்டிலுக்குள்ளேயே மாதங்கள் செல்லச் செல்ல டீ நிறத்துக்கு வருவது இதனால்தான். மல்லிகை, ஆரஞ்சுப் பூ வாசனைகளில் வரும் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற பொருள் ஆல்டிஹைடு வகைப் பொருள்களோடு சேர்ந்து ஆழ்ந்த மஞ்சளாக மாறும். இண்டோல் என்ற இன்னொரு மல்லிகைப் பொருளும் நாளடைவில் நிறம் ஏறும். இந்த மாற்றங்களையெல்லாம் சூடு வேகப்படுத்துகிறது. சலவைக்கடையில் நீராவியும் இஸ்திரியும் பட்டவுடன், அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது வெளியே வந்தது. கறையை உண்டாக்கியது சென்ட், அதை வெளிக்கொண்டு வந்தது இஸ்திரி. சலவைக்காரர் மேல் பழி போடுவது இங்கே நியாயமில்லை. எங்கே சென்ட் அடித்தது என்று அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை.

கறை எப்படிப்பட்டது என்பதை நீங்களே பார்த்துச் சொல்லலாம். நடுவில் அடர்த்தியாகவும் ஓரத்தில் ஊசிமுனைப் புள்ளிகளாகவும் சிதறியிருந்தால் அது தெளித்த கறை. திட்டின் நடுப்பகுதி சுற்றியுள்ள துணியைவிட வெளிறி, விளிம்பில் மட்டும் அடர்ந்த கோடு ஓடினால் கறை சேரவில்லை, சாயம் நகர்ந்திருக்கிறது. சென்ட்டில் பெரும்பகுதி எத்தனால். கிட்டத்தில் அடித்துச் சொட்டச் சொட்ட நனைத்தால் அது சாயத்தைக் கரைத்துத் தள்ளிக்கொண்டுபோய் விளிம்பில் விட்டுவிடும். முதல் வகையில் ஏதாவது செய்து பார்க்கலாம். இரண்டாவதில் எந்தச் சலவையாலும் பழைய நிறம் திரும்பாது, மறுசாயம் போடுவதுதான் வழி. "எடுத்துத் தருகிறோம்" என்று அதற்குக் காசு கேட்கும் இடத்தையும் நம்ப வேண்டாம்.

பட்டுக்கு அடுத்தபடி பயப்பட வேண்டியது அசிடேட். கோட்டுகளின் உள் லைனிங்கிலும் மலிவான சாட்டின் ஸ்கார்ஃபுகளிலும் இது அதிகம். பட்டு மாதிரியே பளபளக்கும். லேபிளைப் படித்தால்தான் தெரியும். இதன் சாயம் ஆல்கஹாலுக்கு எளிதில் விட்டுக்கொடுக்கும். கறை எடுப்பவர்களே அசிடேட் மேல் ஆல்கஹாலை இரண்டு பங்கு தண்ணீர் கலந்துதான் வைப்பார்கள் என்றால், நேராக சென்ட் அடிப்பது எவ்வளவு முரடான வேலை என்று புரியும். சூயிட், தோல், ரோமம் இவற்றிலும் வேண்டாம். முத்துமாலை போட்டிருந்தால் அதன்மேலும் படக்கூடாது, மினுமினுப்பு போய்விடும். அடர்நிறப் பருத்தியும் கம்பளியும் பொதுவாகத் தாங்கும். பாலியெஸ்டர் அவ்வளவு எளிதில் கறைபடாது. ஆனால் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துவைத்த பிறகும் பழைய வாசனை நிற்கும், மேலே வேறொன்றை அடித்தால் இரண்டும் கலந்து நாறும்.

வெள்ளைத் துணி தனிச் சிக்கல். சென்ட்டின் லேபிளில் பொருள் பட்டியலின் கடைசியைப் பாருங்கள். சி.ஐ. என்று தொடங்கி ஐந்து இலக்க எண் இருந்தால் அது சாயம். உதாரணமாக சி.ஐ. 19140 மஞ்சள், சி.ஐ. 42090 நீலம். பாட்டிலுக்குள் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் போட்டது, வாசனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே பட்டியலில் பியூட்டைல் மெத்தாக்ஸிடைபென்சாயில்மீத்தேன் என்ற நீளமான பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சன்ஸ்கிரீனில் வரும் அதே பொருள்தான். சென்ட்டின் நிறம் மங்காமல் இருக்கச் சேர்க்கிறார்கள். இரும்புச்சத்து உள்ள தண்ணீரில் துவைத்தால் இது வெள்ளைத் துணியில் துருப்பிடித்தாற்போல் ஆரஞ்சுக் கறையை விடும். துணி ஏன் கெட்டது என்று புரியாமல் சோப்பை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

துணியில் அடித்தே ஆக வேண்டும் என்பவர்கள் இரண்டு கட்டமாகச் சோதிக்கலாம். முதலில் சாதாரண வெள்ளைக் காகிதத்தில் ஒரு முறை அடித்து ஒரு நாள் அப்படியே விடுங்கள். மறுநாள் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் எண்ணெய் வளையம் தெரிந்தால், எளிதில் ஆவியாகாத ஏதோ ஒன்று அதில் நிறைய இருக்கிறது. அடர்த்தியான வாசனை எண்ணெயாக இருக்கலாம். மொத்தமாக ஊற்றி விற்கும் மலிவுப் பாட்டில் என்றால், 'கெட்டியாக' இருப்பதாகக் காட்டச் சேர்த்த டைபுரோப்பிலீன் கிளைக்காலாகவும் இருக்கலாம். எதுவானாலும் வெளிர்ப் பட்டில் வளையம் விழும். அத்தரும் இந்தக் கணக்கில்தான் வரும்; அது முழுக்க எண்ணெய், துணியில் நேராகத் தடவக்கூடாது.

காகிதத்தில் தேறினால் அடுத்தது துணியின் உள்மடிப்பு. இருபது செண்டிமீட்டர் தள்ளி ஒரே ஒரு முறை அடித்துப் பத்து நிமிடம் உலரவிடுங்கள். ஈரமான வெள்ளைத் துணியை அங்கே வைத்து அழுத்துங்கள், தேய்க்க வேண்டாம். அதில் நிறம் ஒட்டினால் அதோடு நிறுத்திவிடலாம். ஒட்டவில்லையென்றால், மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு, அந்த ரகத்துக்கு ஏற்ற மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு, மறுநாள் ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்காரர் டிஷ்யூவில் செய்யாமல் விட்டது இந்தச் சூடும் இந்த ஒரு நாளும்தான். இதில் தேறினாலும் மாதக்கணக்கில் மடித்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதனால் கண்ணில் படாத ஓரத்திலோ, பழைய பருத்திக் கைக்குட்டையில் அடித்து அதை ஸ்கார்ஃபோடு சுருட்டி வைத்தோ பயன்படுத்துவது உத்தமம். கைக்குட்டை நன்றாகக் காய்ந்த பிறகு.

ஏற்கெனவே பட்டிருந்தால்: பட்டு என்றால் தண்ணீர் தொட்டுத் துடைக்காதீர்கள், அதுவே ஒரு வளையத்தை விடும். உலர்ந்த துணியால் ஒற்றி, நிழலில் காற்றாட விட்டு, இஸ்திரி போடாமல் சலவைக்கடைக்குக் கொண்டுபோய் இடத்தைக் காட்டி, சென்ட் என்று சொல்லுங்கள். பொருள் பட்டியலின் படம் இருந்தால் அதையும் காட்டுங்கள். துவைக்கக்கூடிய பருத்தியை ஆறின தண்ணீரில் நனைத்து, திரவ சோப்பு போட்டு கால் மணி நேரம் ஊறவைத்து அலசலாம். கறை முழுக்கப் போகும்வரை சூடு காட்டக்கூடாது. பட்டிலும் கம்பளியிலும் குளோரின் பிளீச் எந்த நிலையிலும் கூடாது, இழையையே அரித்துவிடும். கடைமேல் புகார் செய்வதாக இருந்தால், சலவைக்குப் போடுமுன் பகல் வெளிச்சத்தில் சென்ட் பட்ட இடத்தைப் படம் எடுத்து, ரசீதையும் பாட்டிலில் உள்ள பேட்ச் எண்ணையும் சேர்த்து வையுங்கள். சலவை முடிந்தபின் எடுத்த படத்தை வைத்துக்கொண்டுதான் அந்தப் பெண் சிக்கிக்கொண்டார்.

கடைசியாக அந்த 'ஆல்கஹால் இல்லாத' மிஸ்ட். ஆல்கஹால் இல்லையென்றால் பெரும்பாலும் அது தண்ணீர். எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்பதால் அதைத் தண்ணீரில் கரையவைக்க பெக்-40 ஹைட்ரஜனேட்டட் கேஸ்டர் ஆயில் போன்ற ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். அது ஆவியாகாது. தலைமுடியில் தொல்லை தராது, முடி வறளாமல் இருப்பதும் லாபம். பட்டிலோ தண்ணீர் வளையத்தோடு பிசுபிசுப்பும் சேரும். முதல் கறைக்கு நஷ்டஈடு என்று இரண்டாவது கறையைக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

சாதாரண சென்ட்டையே முடிக்கு அடிப்பவர்கள் நேராக அடிக்காமல் சீப்பில் ஓரிரு முறை அடித்து, அரை நிமிடம் ஆல்கஹால் பறக்கவிட்டு, முடியின் நடுவிலிருந்து நுனிவரை வாருங்கள், உச்சந்தலையில் வேண்டாம். பிளீச் செய்த முடியும் நரைத்த முடியும் சாயம் போட்ட சென்ட்டின் நிறத்தை இழுத்துக்கொள்ளலாம். ஈரம் போகாமல் ஸ்ட்ரெய்ட்னரை வைக்காதீர்கள், நெருப்பு பக்கமும் போகாதீர்கள், எத்தனால் சட்டெனப் பற்றும். தலையில் ஸ்கார்ஃப் கட்டுபவர்கள் முடி முழுக்க உலர்ந்த பிறகே கட்டுங்கள். ஈர முடியிலிருந்து துணிக்கு ஏறும் கறையும் அதே கறைதான், அது உட்புறத்தில் விழுவதால் பல நாள் கழித்துத்தான் கண்ணில் படும்.